நாளை எதைத் திரும்ப நடத்துவது?

(மாலை நேர வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில், ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



போன மாதம் உங்களில் சிலர் எங்களிடம் வந்து இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். ஒன்று, "நேற்று நடத்திய பாடத்தையே இன்றும் நடத்துகிறீர்களாமே, பாடம் எப்போது முடியும்?" இன்னொன்று, "பிள்ளை பையில் துண்டுத் துண்டாகச் சீட்டு கிடக்கிறது. விடை தப்பு, ஆனால் மார்க் இல்லை. இது என்ன பரீட்சை?" இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதைச் சொல்லவே இன்று உங்கள் நேரத்தைக் கேட்டிருக்கிறோம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். மஃரிபுக்குப் பின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தத் தொடங்கியபோது, பாடம் முடிந்ததும் "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்போம். "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் வரும். நாங்களும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். தசம எண்களை ஒப்பிடுவது, கூட்டுவது, பெருக்குவது என்று மூன்று வாரம் ஓடியது. பிறகு ஒரு பையன் கடைக் கணக்கு ஒன்றில், அரை கிலோவைவிட 0.25 கிலோ அதிகம் என்று எழுதியிருந்தான். கேட்டால், "25 பெரிசு, 5 சின்னது சார்" என்கிறான். விசாரித்தால் அவன் மட்டுமல்ல, வகுப்பில் பலருக்கும் அதே நினைப்பு. மூன்று வாரமாக நாங்கள் அந்தத் தவறான நினைப்பின் மேலேயே அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். "புரிஞ்சுது" என்று பிள்ளைகள் சொன்னது பொய்யில்லை. தமக்குப் புரிந்தது தப்பு என்று அவர்களுக்கே தெரியாது.

மதரஸாவில் ஹஜ்ரத் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் எதிரில் உட்காரவைத்து நேற்றைய பாடத்தை ஓதக் கேட்கிறார். சரியாக ஓதினால்தான் அடுத்த பாடம். எங்கள் வகுப்பில் 27 பிள்ளைகள், ஒன்றேகால் மணி நேரம். ஒவ்வொருவரையும் கேட்க முடியாது. அதனால் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக் கேட்கிறோம். ஆங்கிலத்தில் இதை எக்ஸிட் டிக்கெட் என்பார்கள். வகுப்பைவிட்டு வெளியே போகும்போது கொடுத்துவிட்டுப் போகிற சீட்டு. நம் பிள்ளைகள் இதற்கு 'வாசல் சீட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

செய்முறை எளிது. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு தாளை நான்காகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுக்கிறோம். அன்று நடத்திய ஒரே ஒரு விஷயத்தில் இரண்டு கேள்வி; மிஞ்சிப்போனால் மூன்று. பக்கத்தில் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. பெயர் எழுதி வாசலில் எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். மார்க் கிடையாது. அன்றிரவே அவற்றைப் பிரித்து அடுக்கிப் பார்த்து, மறுநாள் என்ன நடத்துவது என்று முடிவு செய்கிறோம்.

இதில் கடினமான வேலை ஒன்றுதான்: என்ன கேட்பது என்பது. தொடக்கத்தில் பத்துக் கணக்குக் கொடுத்தோம். திருத்தவே ஒரு மணி நேரம் ஆனது. பத்துக்கு ஆறு, பத்துக்கு நான்கு என்று எண்கள் கிடைத்தன. ஆனால் நான்கு வாங்கிய பிள்ளைக்கு நாளை எதைச் சொல்லித்தருவது என்று அந்த எண் சொல்லவில்லை. பிறகு "இன்று என்ன கற்றாய்?" என்று கேட்டோம். எல்லாரும் "தசம எண்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் ஒன்று விளங்கியது. சரியான விடை வருகிறதா என்று பார்க்கும் கேள்வி வேறு. தவறான விடை வந்தால் அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும் கேள்வி வேறு. வாசல் சீட்டுக்கு இரண்டாவது வகைதான் வேண்டும்.

ஒரு நாள் நடந்ததை அப்படியே சொல்கிறோம். தசம எண்களை ஒப்பிடும் பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்தினோம். அன்றைய சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:

1. 0.6, 0.45 – எது பெரியது?
2. 0.37, 0.2 – எது பெரியது?
3. முதல் கேள்விக்கு விடை எப்படித் தெரிந்தது? ஒரு வரியில் எழுதுக.

ஒரே மாதிரி இரண்டு கேள்வி எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். இரண்டும் ஒன்றல்ல. தசம எண்களில் பிள்ளைகள் சறுக்கும் வழி முக்கியமாக இரண்டு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லே என்ற இருவர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, இப்படி எண் ஜோடிகளைக் கொடுத்தே பிள்ளைகளின் நினைப்பைப் பிரித்தறிந்தார்கள். அந்த வழியைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

முதல் வகைப் பிள்ளை, நீளமான எண்தான் பெரியது என்று நினைக்கிறது. புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தனி முழு எண்ணாகப் படிக்கிறது. 45 என்பது 6-ஐவிடப் பெரியது, ஆகவே 0.45 பெரியது என்கிறது. இந்தப் பிள்ளை முதல் கேள்வியில் தவறும். இரண்டாம் கேள்வியில் 37 என்பது 2-ஐவிடப் பெரியது என்று அதே தவறான வழியில் போய்ச் சரியான விடையை எழுதிவிடும்.

இரண்டாம் வகைப் பிள்ளை இதற்கு நேர் எதிர். நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது என்று பாடத்தில் கேட்டிருக்கிறது. அது உண்மைதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, நூறில் ஒன்றாம் இடம்வரை போகும் எண் எப்போதுமே சிறியது என்று முடிவு கட்டிவிடுகிறது. நீளமான எண் சிறியது, குட்டையான எண் பெரியது என்பது அதன் கணக்கு. இந்தப் பிள்ளை முதல் கேள்வியில் சரியாக எழுதும், இரண்டாவதில் தவறும்.

முதல் கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் இரண்டாம் வகைப் பிள்ளைகள் எங்கள் கண்ணுக்குத் தப்பியிருப்பார்கள். இரண்டாவதை மட்டும் கேட்டிருந்தால் முதல் வகையினர் தப்பியிருப்பார்கள். அதற்காகத்தான் ஜோடியாகக் கேட்கிறோம்.

மூன்றாவது கேள்வி எதற்கு? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் பாதி சரியாக வரும். இரண்டு கேள்வியையும் குருட்டாம்போக்கில் எழுதினால்கூட நான்கில் ஒரு தடவை இரண்டுமே சரியாகிவிடும். அந்த ஒரு வரி இருந்தால் தெரிந்து எழுதியதா, சும்மா எழுதியதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இஷாவுக்குப் பிறகு 27 சீட்டையும் மேசையில் நான்கு அடுக்காகப் பிரித்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டும் சரி 14 பேர். முதலாவது தப்பு, இரண்டாவது சரி 9 பேர். முதலாவது சரி, இரண்டாவது தப்பு 3 பேர். இரண்டும் தப்பு ஒரே ஒருவன். சரியாக எழுதிய 14 சீட்டிலும் காரணத்தைப் படித்தோம். இரண்டு பேர் "தோணுச்சு" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஆக, நிச்சயமாகத் தெரிந்தவர்கள் 12 பேர். மீதி 15 பேருக்கு ஏதோ ஒரு குறை.

நாங்கள் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இது. ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவான பிள்ளைகள் தவறினால், மறுநாள் அவர்களை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொல்லித்தருவோம். பாதிக்கு மேல் தவறினால் குறை எங்கள் நடத்தலில் இருக்கிறது. வகுப்பு முழுவதற்கும் திரும்ப நடத்துவோம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் குழுக்களாகப் பிரிப்போம். அன்று 27-ல் 15 பேர். ஆகவே மறுநாள் நடத்த வேண்டிய தசமக் கூட்டலைத் தள்ளிவைத்தோம்.

திரும்ப நடத்துவது என்றால் நேற்றுச் சொன்னதையே இன்னும் உரக்கச் சொல்வதல்ல. தவறு எங்கே பிறந்தது என்று முதலில் தேடவேண்டும். அந்த ஒன்பது பேரும் காரணத்தில் "45 பெரியது" என்றே எழுதியிருந்தார்கள். ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. கரும்பலகையில் எழுதும்போது நாங்களே "பூஜ்யம் புள்ளி நாற்பத்தைந்து" என்று வாசித்திருக்கிறோம்! ஆசிரியரே நாற்பத்தைந்து என்று சொன்னால் பிள்ளை அதை நாற்பத்தைந்தாகத்தானே எடுத்துக்கொள்ளும்? "பூஜ்யம் புள்ளி நான்கு ஐந்து" என்று இலக்கம் இலக்கமாக வாசித்திருக்கவேண்டும். இன்னொன்றும் கண்டோம். முதல் உதாரணமாக ரூபாய், பைசாவைச் சொல்லியிருந்தோம். 3.50 என்றால் மூன்று ரூபாய் ஐம்பது பைசா. பிள்ளைகள் இதைப் புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு முழு எண், அந்தப் பக்கம் இன்னொரு முழு எண் என்று எடுத்துக்கொண்டார்கள். 3.5 ரூபாய் எவ்வளவு என்று கேட்டபோது சிலர் மூன்று ரூபாய் ஐந்து பைசா என்றார்கள்.

இந்த இடத்தில் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. 0.6-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் போட்டு 0.60 ஆக்கி, "60 பெரிசா 45 பெரிசா?" என்று கேட்பது. விடை உடனே சரியாக வந்துவிடும். நாங்கள் அன்று வேண்டுமென்றே அதைச் செய்யவில்லை. அந்தப் பிள்ளை ஏற்கெனவே புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகத்தான் நினைக்கிறது. பூஜ்யம் போடக் கற்றுக்கொடுத்தால் அந்த நினைப்பு அப்படியே இருக்கும், விடை மட்டும் சரியாகும். அன்றைய சீட்டும் எங்களை ஏமாற்றிவிடும். இடமதிப்பு புரிந்த பிறகு பூஜ்யம் போடலாம்; அப்போது ஏன் போடுகிறோம் என்று பிள்ளைக்கே தெரியும்.

அதற்குப் பதிலாக மறுநாள் ரிப்பனும் டெய்லர் டேப்பும் கொண்டுவந்தோம். ஒரு மீட்டர் ரிப்பனைப் பத்துச் சம பங்காகக் கோடு போட்டோம். ஒரு பங்கு பத்தில் ஒன்று. அந்த ஒரு பங்கை மறுபடி பத்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர். அது நூறில் ஒன்று. 0.6 மீட்டர் என்றால் ஆறு பெரிய பங்கு. 0.45 மீட்டர் என்றால் நான்கு பெரிய பங்கு, அதற்கு மேல் ஐந்து சிறிய பங்கு. பிள்ளைகளே வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முதலில் பெரிய பங்கைத்தான் எண்ணவேண்டும், அது சமமாக இருந்தால்தான் சிறிய பங்கைப் பார்க்கவேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். இரண்டாம் வகையைச் சேர்ந்த மூன்று பேரையும் 0.37 மீட்டரும் 0.2 மீட்டரும் வெட்டச் சொன்னோம். மூன்று பெரிய பங்கு கையில் இருக்கும்போது இரண்டு பங்கைப் பெரியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டும் தப்பாக எழுதியவனைக் கூப்பிட்டுக் கேட்டோம். சிறியதைக் கேட்டிருக்கிறோம் என்று நினைத்து எழுதியிருக்கிறான். அவனுக்குப் பாடம் தெரியும். கேள்வியைத்தான் சரியாகப் படிக்கவில்லை.

"என் பிள்ளைக்குத் தெரிந்ததையே திரும்பக் கேட்டு ஒரு நாள் வீணாகவில்லையா?" என்று அந்த 12 பிள்ளைகளின் பெற்றோர் கேட்கலாம். அந்த இருபது நிமிடம் அவர்களுக்கு வேறு வேலை கொடுத்தோம். 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் வரும் எண்கள் ஐந்து எழுதச் சொன்னோம். நடுவில் எண்ணே இல்லை என்று தொடங்கியவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கும் அன்று புதிதாக ஒன்று கிடைத்தது.

அன்று மாலை மறுபடி சீட்டு. எண்கள் வேறு, கேள்வியின் அமைப்பு அதே: 0.5, 0.125 ஒரு ஜோடி, 0.64, 0.3 இன்னொரு ஜோடி. முந்தின நாள் குறையிருந்த 15 பேரில் 11 பேர் காரணத்தோடு சரியாக எழுதினார்கள். மீதி நான்கு பேரை அடுத்த சில நாட்கள் பத்து நிமிடம் முன்னதாக வரச்சொல்லி ரிப்பனோடு உட்கார்ந்தோம். வகுப்பு தசமக் கூட்டலுக்குப் போனது.

இந்தச் சீட்டால் ஆகாததையும் சொல்லவேண்டும். பாடம் நடத்திய சூட்டில் எழுதும் விடை, அது மனதில் தங்கிவிட்டது என்பதற்கு ஆதாரமாகாது. இரண்டு வாரம் கழித்து, வேறு பாடத்தின் சீட்டில் 4.08, 4.5 என்ற ஜோடியை நுழைத்துக் கேட்டோம். ஐந்து பேர் தவறினார்கள். அவர்களில் மூன்று பேர் ரிப்பன் வெட்டிய அன்று சரியாக எழுதியவர்கள். அதனால் இப்போது ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை சீட்டில் கேட்கிறோம்.

சீட்டைப் பிரிக்காமல் ஒரு வாரம் பையில் வைத்திருந்தாலும் பயனில்லை. அதற்குள் வகுப்பு வேறு பாடத்துக்குப் போயிருக்கும். 1998-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் இதுபற்றி எழுதினார்கள். பிள்ளைகளைச் சோதித்துத் தெரிந்துகொண்டதை வைத்து ஆசிரியர் தம் பாடத்தை மாற்றிக்கொண்டால்தான் அந்தச் சோதனை படிப்புக்கு உதவும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். பாடம் மாறவில்லை என்றால் சீட்டு வெறும் காகிதம்தான்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். சீட்டு பொய் சொல்லத் தொடங்குவது, பிள்ளை பயந்து எழுதும்போதுதான். சில வாரங்களுக்கு முன் ஒரு பிள்ளையின் சீட்டு திடீரென்று எப்போதும் சரியாக வர ஆரம்பித்தது. காரணம் எழுதும் வரி மட்டும் பக்கத்துப் பிள்ளையின் வரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது, எழுத்துப்பிழை உட்பட. தனியே கூப்பிட்டுக் கேட்டபோது சொன்னது: "தப்பா இருந்தா அத்தா திட்டுறாங்க சார்." அந்த இரண்டு வாரமும் அந்தப் பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. தெரியாததைத் தெரியவில்லை என்று காட்டக்கூடிய ஒரே இடமும் அந்தப் பிள்ளைக்கு மூடிப்போனது. இப்போது பக்கத்தில் பக்கத்தில் உட்காருபவர்களுக்கு எண்களை மாற்றிக் கொடுக்கிறோம். ஆனால் பயத்தை நாங்கள் மட்டும் எடுக்க முடியாது.

ஆகவே வீட்டில் சீட்டைப் பார்த்தால் சரி எத்தனை, தப்பு எத்தனை என்று எண்ணாதீர்கள். மார்க் போடாததன் காரணம் அதுதான். தப்பான விடையைக் காட்டி, "இதை ஏன் இப்படி நினைச்சே?" என்று மட்டும் கேளுங்கள். பதிலைக் கேட்டுக்கொள்ளுங்கள், திருத்தவேண்டாம். முடிந்தால் மறுநாள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எழுதச் சிரமப்படும் பிள்ளைகள் காரணத்தை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்; அவர்கள் படமாக வரையலாம், வாயால் சொல்லலாம். இதை அவர்களுக்கும் சொல்லுங்கள். தசம எண்ணை வீட்டில் வாசிக்கும்போது புள்ளிக்குப் பிறகு இலக்கம் இலக்கமாக வாசியுங்கள். தையல் வேலை செய்யும் வீடுகளில் டேப் இருக்கும். 0.8 மீட்டர் எங்கே, 0.75 மீட்டர் எங்கே என்று பிள்ளையையே காட்டச் சொல்லுங்கள்.

"பக்கத்து டியூஷனில் மூன்று பாடம் முடிந்துவிட்டது" என்று ஒரு அத்தா சொன்னார்கள். உண்மையாக இருக்கலாம். நம் வகுப்பு இரண்டு நாள் பின்தங்கியிருக்கிறது, மறைக்கவில்லை. முன்பு நாங்களும் வேகமாகத்தான் போனோம். மூன்று வாரம் வேகமாகப் போய், திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கினோம். இப்போது ஒரு நாள் நிற்கிறோம். இன்று இரவும் வாசலில் சீட்டு வாங்குவோம், இன்ஷா அல்லாஹ். நாளை என்ன பாடம் என்று நீங்கள் கேட்டால், அதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எங்களால் சொல்ல முடியும்.